முதலில் என்னைக் கூப்பிடவும்

மரக்காணத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அற்புதமேரி சாவி கொடுத்த பிறகுதான் வேலையையே ஆரம்பிப்பார். புதிதாக வந்தவர் பாத்திரப் பெட்டியைப் பிரிப்பதற்குள் அவருடைய செல்போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். அதைப் படித்து முடிக்கிற நேரத்தில் கட்டிலைப் பொருத்தி, ஃபேன் மாட்டி, ஒரு டீயும் குடித்துவிடலாம்.

அந்தச் செய்தி ஒரே நாளில் எழுதப்பட்டதில்லை. மாடியில் குடியிருந்த ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு அதில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீன் பற்றிய வரி மார்ட்டின் குடும்பம் வைத்துப்போன சொத்து. மெயின் ஸ்விட்ச் பற்றிய வரி, கை துறுதுறுத்த தமிழரசனின் நினைவாக. கடைசியாக வந்தவள் செந்தமிழ். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். அவளுக்கு வந்தது இது:

“வணக்கம் மா. ஆண்டவர் ஆசீர்வாதத்தோடு நம் வீட்டுக்கு வரவேற்கிறேன். பாத்ரூம் குழாயில் வருவது போர் தண்ணி, உப்பு. வாயில் வைக்க வேண்டாம். சோப்பு நுரைக்காது, கோபப்பட வேண்டாம். நல்ல தண்ணி பஞ்சாயத்து லைன், ஒன்று விட்டு ஒரு நாள், காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை. கீழே தொட்டியில் விழும். நான் மோட்டார் போட்டு மாடியில் உள்ள நீல டேங்கில் ஏற்றுவேன், நீங்கள் போட வேண்டாம். குப்பை வண்டி திங்கள், புதன், வெள்ளி, பாட்டு கேட்டதும் இறங்கி வரவும். பச்சை டப்பாவில் மக்கும் குப்பை. பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் நீல டப்பா, அதை சனிக்கிழமை மட்டும் எடுப்பார்கள். நாப்கின் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்கவும். மீன் குடல், எறா தோல் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்து வண்டி வரும் நாளில் மட்டும் போடவும், இல்லை என்றால் தெரு நாய் எல்லாம் நம் வீட்டு நாய் ஆகிவிடும். மெயின் ஸ்விட்ச் படிக்கட்டுக்குக் கீழே, தொட வேண்டாம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108. போலீஸ், ஃபயர் 112. ஆனால் எதுவாக இருந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடவும். கரண்ட் போனாலும் என்னைக் கூப்பிடவும். பாம்பு வந்தாலும் என்னைக் கூப்பிடவும். நான் எங்கேயும் போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.”

கடைசி வாக்கியத்தை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்வதா, புலம்பல் என்று எடுத்துக்கொள்வதா என்பது படிப்பவர் இஷ்டம். உண்மை என்னவென்றால் அவரால் எங்கேயும் போக முடியாது. காரணம் சேட்டு.

சேட்டு பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இந்தத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே லைன், முறை வைத்துத் திறக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அனுமந்தையில் ஒரு கல்யாணம். தெருவே கிளம்பிப் போயிருந்தது. அது தெரியாமல் சேட்டு வால்வைத் திறந்துவிட, மூடாத குழாய்கள் வழியாக நல்ல தண்ணீர் ரோட்டில் ஓடி, ஈசிஆர் வரைக்கும் போனது. உப்பளத்து ஊரில் நல்ல தண்ணீர் ரோட்டில் ஓடுவதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வீடியோ எடுத்தார்கள். சேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். வால்வைத் திறப்பதற்கு முன் தெருவில் ஒரே ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுப்பார். அவர் பதிலுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் தெரு விழித்திருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் வரும். பதில் இல்லையா, வால்வு அடுத்த தெருவுக்குத் திரும்பும்.

அந்த ஒருவராக முதலில் இருந்தவர் அற்புதமேரியின் கணவர் இன்னாசிராஜ். அவர் காலமானபோது பென்ஷன் மனைவிக்கு வந்தது, மிஸ்டு காலும் வந்தது. மிஸ்டு கால் முந்திக்கொண்டது.

தெருவில் வேறு ஆளே இல்லையா என்று கேட்கலாம். எதிர்வீட்டு மலர்கொடியிடம் ஒருமுறை பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிஸ்டு கால் வந்ததும் மலர்கொடி தன் வீட்டுத் தொட்டியை நிரப்பினார், அண்டாவை நிரப்பினார், மாவரைக்கும் கிரைண்டரைக்கூட நிரப்பி வைத்தார், பிறகு தெருவுக்குக் குரல் கொடுத்தார். அதற்குள் ஆறேகால் ஆகிவிட்டது. மறுவாரமே பொறுப்பு அற்புதமேரிக்குத் திரும்பியது. இப்படியாக ஒரு தெருவே ஒரு பெண்மணியின் நேர்மையை நம்பி, அந்தப் பெண்மணியை வீட்டுக்குள் பூட்டி வைத்தது. தண்ணீர் நாளில் அவர் காலைப் பூசைக்குப் போவதில்லை. பங்குச் சாமியார் கேட்டபோது, “சாமி, நான் வந்தா தெரு தண்ணியில்லாம சபிக்கும். அந்தப் பாவத்தையும் நீங்களே மன்னிக்கணும், பரவால்லையா?” என்றார். சாமியார் வீடும் அதே லைனில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஓசூரிலிருந்து மகள் ஜெனிதா கூப்பிட்டாள். இரண்டாவது பிரசவம். மூத்த பையனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் தாய் வீட்டுக்கு வர முடியாது. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது.

“அம்மா, நீதான் வரணும்.”

“வர்றேன்டி. தண்ணி மட்டும்...”

“தண்ணி தண்ணின்னு என் கல்யாணத்து அன்னைக்கே மண்டபத்துக்கு லேட்டா வந்தவதானே நீ. இந்தப் புள்ளைய பெத்துட்டு உனக்கு மிஸ்டு கால் குடுக்கட்டுமா? அப்பவாவது வருவியா?”

அன்று மாலை அற்புதமேரி பம்ப் ஹவுஸுக்கு நடந்தே போய்ச் சேட்டுவைப் பிடித்தார்.

“பதினஞ்சு நாளைக்கு மாடி வீட்டுப் பொண்ணு நம்பருக்கு மிஸ்டு கால் குடு சேட்டு. பேரு செந்தமிழ். நல்ல பொண்ணு, காலையில எழுந்துக்கும்.”

“எக்கா, குடித்தனக்காரங்க நம்பர நான் போட்டுக்க மாட்டேன். பதினோரு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் விடியக்காலம் நான் மிஸ்டு கால் குடுத்தா திண்டிவனத்துல எவனோ எழுந்து உக்காந்து எங்க அம்மாவத் திட்டுவான். ஏற்கனவே வாங்கியாச்சு.”

“அப்ப மலர்கொடி நம்பர போட்டுக்கோ.”

சேட்டு சிரித்த சிரிப்பில் பம்ப் ஹவுஸ் ஓட்டின் மேலிருந்த காகம் பறந்துவிட்டது.

“நம்பர் மாறினா எனக்குக் கை ஓடாதுக்கா. உங்க நம்பர்லேந்து பதில் வந்தா தொறப்பேன். இல்லன்னா அடுத்த தெரு. நீங்க ஓசூர் போங்க, சந்திர மண்டலம் போங்க, நான் வாணாம்னு சொல்லல. நம்பர் இங்க இருக்கணும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம் அற்புதமேரியின் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. நம்பர் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதானே? ஆள் இருக்க வேண்டும் என்று சேட்டு சொல்லவில்லையே. படிக்கட்டில் அவர் ஏறிய வேகம் அந்த முட்டிகளுக்கே புதிது.

“பாப்பா, இந்தா,” என்று தன் செல்போனைச் செந்தமிழ் கையில் வைத்தார். “பதினஞ்சு நாளு இது உன்கிட்ட இருக்கட்டும். காலையில ரெண்டு ரிங்கு வரும். நீ ரெண்டு ரிங்கு குடுத்துட்டு, கேட்டாண்ட நின்னு ‘தண்ணி’ன்னு ஒரு குரல் குடு. மோட்டார நான் சொல்லித் தர்றேன். அவ்ளோதான்.”

“போன் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?”

“எனக்கு யாரு போன் பண்ணப் போறாங்க? பண்றவ வீட்டுக்குத்தானே போறேன்.”

செந்தமிழ் சரி என்றாள். பெரியவர்கள் பொருளைக் கையில் திணித்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. மறுநாள் அற்புதமேரி ஒரு பையில் கருவாடும் இன்னொன்றில் பிரசவ மருந்துச் சாமான்களும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே, உப்பளத்தில் மூடி வைத்த உப்புக் குவியல்கள் மழையில் நனைந்து நின்றன. பஸ் ஊர் எல்லையைத் தாண்டும் வரை அவர் கை இடுப்பில் இல்லாத போனைத் தடவிக்கொண்டே இருந்தது.

செந்தமிழுக்கு இரண்டு ரிங்கு ஒரு பிரச்சினையாக இல்லை. மற்ற ரிங்குகள்தான் பிரச்சினை. ‘முதலில் என்னைக் கூப்பிடவும்’ என்ற வாசகம் தன்னோடு முடிகிற விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். முன்பு மாடியில் இருந்த தமிழரசன் போகிற போக்கில் அந்தச் செய்தியைத் தெரு குரூப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தது அவளுக்குத் தெரியாது. தெரு அதைத் தனக்கு எழுதப்பட்டதாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

“மேரி, இன்னைக்கு நீல டப்பாவா பச்சை டப்பாவா?”

“மேரிம்மா இல்லைங்க, ஓசூர் போயிருக்காங்க. நான் மாடி வீடு.”

“அது தெரியும். நீலமா பச்சையா?”

“வெள்ளிக்கிழமை பச்சைங்க.”

“அப்ப இந்த பாட்டில என்ன பண்றது?”

“நாளைக்குக் குடுங்க.”

“நாளைக்கு எனக்கு ஞாபகம் இருக்காது. நீ கூப்பிட்டுச் சொல்லு.”

லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டார்கள். தண்ணீரில் உப்பு கூடிவிட்டதா என்று குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கழிவறைக்குள் சாரைப்பாம்பு இருப்பதாக ஒருவர் கூப்பிட்டு, அது போய்விட்டது என்று சொல்ல இன்னொரு முறை கூப்பிட்டார். வார விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி போகலாம் என்று செந்தமிழ் பையை எடுத்தாள். சனிக்கிழமை தண்ணீர் நாள். பையை வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா கேட்டதற்கு, “இங்க ஒரு நம்பர் இருக்குதும்மா, அதை விட்டுட்டு வர முடியாது,” என்றாள். ஏதோ காதல் விவகாரம் என்று கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் அழுதார்கள்.

ஜெனிதாவின் கணவன் கிருபா ஒரு புதன்கிழமை காலை செந்தமிழின் சொந்த நம்பருக்குச் செய்தி அனுப்பினான்: “ஜெனிதாவை அட்மிட் பண்ணியாச்சு. அத்தை கூடவே இருக்காங்க. பிபி கொஞ்சம் ஏறியிருக்குது. ஜெபம் பண்ணிக்கோங்க.”

அன்றைக்குத்தான் மழை காற்றோடு அடித்தது. விடிந்ததிலிருந்து மின்சாரம் வந்து வந்து போனது. தண்ணீர் நாள், ஆனால் சேட்டுவின் ரிங்கு வந்ததாகத் தெரியவில்லை. செந்தமிழ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது படிக்கட்டுக்குக் கீழே படபடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தாள். மீட்டர் பெட்டியிலிருந்து பொறி பறந்தது, பிறகு புகை, பிறகு ரப்பர் கருகும் நாற்றம்.

மூளை யோசிப்பதற்குள் விரல் யோசித்துவிட்டது. தன் போனில் ‘ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி’யை அழுத்தினாள். ஆன்ட்டியின் போன் அவளுடைய கைப்பைக்குள்ளேயே மணியடித்தது. அதை எடுத்துக் காதில் வைக்கவும் செய்தாள். இரண்டு காதிலும் இரண்டு போன், இரண்டிலும் தன்னுடைய மூச்சுச் சத்தம் மட்டும்.

மெயின் ஸ்விட்ச் புகைக்குள் இருந்தது. அதைத் தொட வேண்டாம் என்ற வரியை முதல்முறையாக மனதார ஒப்புக்கொண்டு, மொட்டை மாடிப் பக்கம் ஒதுங்கி நின்று, மின்வாரியப் புகார் எண்ணைக் கரண்ட் பில்லில் தேடி எடுத்தாள். பில்லில் உள்ள சர்வீஸ் நம்பரைக் கேட்டார்கள், சொன்னாள். லைன்மேன் வரும்வரை யாரும் பெட்டி அருகில் போக வேண்டாம் என்றார்கள். அதற்குள் ஆன்ட்டியின் போன் மறுபடி அடித்தது. மலர்கொடி.

“மேரி, உன் வீட்டுல புகை வருதுடி!”

“தெரியுங்க்கா, நான் உள்ளதான் இருக்கேன்!”

“ஐயோ, மேரிக்குத் தெரியுமா?”

“ஆன்ட்டி ஓசூர்லக்கா!”

“அதான், ஓசூர்ல அவளுக்குத் தெரியுமா?”

லைன்மேன் மழைக்கோட்டோடு வந்து, கம்பத்தில் ஏறி இணைப்பைப் பிடுங்கினார். புகை அடங்கியது. செந்தமிழ் இறங்கி வந்தபோது தெருவில் பாதி பேர் குடையோடு நின்றார்கள். புகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

“தண்ணி ஏன் வரல?” என்றார் மலர்கொடி.

“கரண்டு இல்லாம பம்ப் ஓடாதுங்க்கா.”

“கரண்டு நம்ம தெருவுக்குத்தான் விட்டு விட்டு வருது. பம்ப் ஹவுஸ் லைன் வேற. அடுத்த தெருவுல தண்ணி கொட்டுது, நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். நீ பதில் குடுக்கல, அவன் திருப்பிட்டான்.”

செந்தமிழ் ஆன்ட்டியின் போனைப் பார்த்தாள். ரிங்கு வந்துதான் இருக்கிறது. குக்கரும் மழையும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

“சேட்டுகிட்ட நான் பேசறேங்க்கா.”

“உன் குரலுக்கு அவன் தொறக்க மாட்டான். மேரியக் கூப்பிடு. மருமகன் நம்பர் இருக்கும்ல? வீடு எரிஞ்சுதுன்னு சொல்லு, சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடுவா. நாளான்னைக்குத் தண்ணி நாளு. அதையும் விட்டுட்டா மழைத்தண்ணியத்தான் புடிச்சுக் குடிக்கணும்.”

கூட்டம் தலையாட்டியது. கிருபாவின் செய்தி திறந்தபடியே இருந்தது. ஒரு வரி தட்டினால் போதும். வீடு எரிந்தது என்று கேட்டால் அற்புதமேரி பிரசவ அறை வாசலிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் வந்துவிட்டால் போன் போய்விடும், ரிங்கு போய்விடும், சனிக்கிழமை கள்ளக்குறிச்சி போகலாம். செந்தமிழின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் திரையின் மேலேயே நின்றது.

“வீடு எரியலக்கா,” என்றாள் கடைசியில். “பெட்டி மட்டும்தான். ஜெனிதாக்காவுக்கு பிபி ஏறியிருக்குதாம். நான் கூப்பிட மாட்டேன்.”

“அப்ப தண்ணிக்கு?”

செந்தமிழ் கோபத்தில் ஒரு காரியம் செய்தாள். ஆன்ட்டியின் போனிலிருந்தே தெரு குரூப்பில் மின்வாரியப் புகார் எண், பேரூராட்சி அலுவலக எண், குப்பை வண்டி மேஸ்திரி எண், எல்லாவற்றையும் போட்டாள். கூடவே, இத்தனை வருடம் அற்புதமேரி ஒருவருக்கும் கொடுக்காமல் பொத்தி வைத்திருந்த சேட்டுவின் எண்ணையும் போட்டாள். ‘இனிமேல் நேராக இவர்களைக் கூப்பிடவும்’ என்று முடித்தாள். முப்பது கட்டைவிரல்கள் மேலே உயர்ந்தன. தெரு விடுதலை பெற்றுவிட்டதாக அவள் நம்பினாள்.

அன்று மத்தியானத்துக்குள் பதினான்கு பேர் சேட்டுவைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் தண்ணீருக்காக. மற்றவர்கள் அது உண்மையிலேயே சேட்டு நம்பர்தானா என்று பார்ப்பதற்காக. சேட்டு போனை அணைத்து வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆன்ட்டியின் போனுக்கு அழைப்பு வந்தது: “சேட்டு போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. என்னன்னு கேட்டுச் சொல்லு.”

செந்தமிழ் லேபுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மழையில் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். சேட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த அழைப்புகளால் ரேஷன் கடைக்குக்கூடப் போக முடியாமல் போன வருத்தத்தில் இருந்தார்.

“நீதானா அது? என்னைத் தெருவுல வித்துட்டியே பாப்பா.”

“தப்புதாண்ணா. வேற சிம் வாங்கிக்கோங்க, நான் வாங்கித் தர்றேன்.”

“வாங்கி?”

“யாருக்கும் குடுக்காதீங்க. ஆன்ட்டி நம்பருக்கு மட்டும் ரிங்கு குடுங்க.”

“நீ எடுக்கல இன்னைக்கு.”

“இனிமே எடுப்பேன்.”

சேட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தினி மாசம் இருப்ப?”

“இருப்பேண்ணா,” என்றாள் செந்தமிழ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இரண்டு ரிங்கு வந்தது, இரண்டு ரிங்கு போனது, தண்ணீர் வந்தது. மலர்கொடி தன் அண்டாவோடு வாசலில் நின்று, “என்ன இருந்தாலும் மேரி மேரிதான்,” என்று செந்தமிழைப் பார்த்துச் சொன்னார். பாராட்டு போலத்தான் இருந்தது.

அன்று மாலை ஓசூர் மருத்துவமனை வராந்தாவில் அற்புதமேரி மருமகனின் போனை வாங்கித் தன் நம்பரையே அழுத்தினார். பிஸி. மறுபடி அழுத்தினார். பிஸி. நான்காவது முறை கிடைத்தது.

“ஹலோ, எந்த வீடு?” என்றது போன்.

“நான்தாம்மா மேரி.”

“ஆன்ட்டி! என்ன குழந்தை?”

“பொண்ணு. ஜெனிதா நல்லா இருக்கா. கடைசி நேரத்துல என் கைய விடவே இல்ல, நகம் பதிஞ்சிருக்குது பாரு.” வீடியோ கால் இல்லை என்பது மறந்து கையைத் திருப்பிக் காட்டினார். “அங்க ஒண்ணும் இல்லையே?”

செந்தமிழ் கருகிய மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. தண்ணி வந்துச்சு.”

“புண்ணியவதி.”

“எப்ப வர்றீங்க?”

அற்புதமேரி சுற்றிலும் பார்த்தார். நீளமான வராந்தா. நர்ஸ்கள் போனார்கள், வந்தார்கள். காலையிலிருந்து ஒரு ஆள்கூட அவரை எதற்காகவும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மூலையில் ஒரு மிஷினில் குழாயைத் திருகினால் வந்தது, எந்த நேரத்திலும். மடியில் கிடந்த குழந்தை கண்ணைத் திறக்காமலேயே அவருடைய சுண்டு விரலைப் பிடித்திருந்தது.

“பச்சை உடம்பும்மா. கிறிஸ்துமஸ் முடியட்டும்னு பாக்கறேன்.”

“ஆன்ட்டி, பதினஞ்சு நாளுன்னு சொன்னீங்க. நான் ஊருக்குப் போகணும், எங்க அம்மா...”

“ஹலோ? ஹலோ? சரியா கேக்கலம்மா. இங்க சிக்னலே இல்ல.”

போனை அணைத்துக் கிருபாவிடம் நீட்டினார். அவன் வாங்கித் திரையைப் பார்த்தான். நான்கு கோடும் முழுதாக இருந்தது. அத்தையைப் பார்த்தான். அத்தை குழந்தையின் பக்கம் திரும்பி, முந்தானையால் அதன் காதை மூடிக்கொண்டிருந்தார்.